தேக்குக் கூப்பிலிருந்து வெடிப்பலா வரை: ஆனைமலையில் நான்கு நாட்கள்

முதல் நாள், டாப்சிலிப்

பொள்ளாச்சியில் காலை ஆறரை மணிக்கு பஸ் ஏறுவதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். தையற்கடைக்குச் சாமான் விற்கும் கடை அப்போதுதான் திறந்திருந்தது. அங்கே துணி அளக்கும் டேப் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இந்த நான்கு நாளும் மரங்களின் சுற்றளவை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. கல்லூரியில் படித்தபோது எங்கள் ஊர்க் குளத்தைச் சுற்றி ஒரே நாளில் சில நூறு தைலமரக் கன்றுகளை நட்டோம். ஓர் அமைப்பு கன்றுகளைக் கொடுத்தது, நாங்கள் குழி வெட்டினோம். பூமியைக் குளிரவைக்கிறோம் என்று மனதார நம்பினேன். எட்டு வருடம் கழித்து ஊருக்குப் போனபோது மரங்கள் வெட்டப்பட்டு லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து ஒரு கேள்வி மனதில் கிடக்கிறது. மரம் நட்டால் காடு ஆகிவிடுமா? காட்டைத் தானாக வளர விட்டால் என்ன ஆகும்? இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க ஆனைமலையைவிடத் தோதான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

சேத்துமடை சோதனைச்சாவடி தாண்டியதும் தேக்கு தொடங்கிவிட்டது. தை கடைசி. பாதி மரங்கள் இலையைக் கொட்டிவிட்டன, மீதி மரங்களில் இலை பழுத்துத் தொங்குகிறது. டாப்சிலிப்பில் அனுமதி வாங்கி உள்ளே நடந்தபோது என்னோடு வந்தவர் மலசர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெரியவர். "இது காடில்லீங் தம்பி, கூப்பு" என்றார் எடுத்த எடுப்பில். மரம் வெட்டுவதற்காகப் பிரித்த பகுதிக்கு இங்கே கூப்பு என்றுதான் பெயர்.

அந்தச் சொல்லுக்குள் இந்த மலையின் கதை முழுக்க இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய்க் கப்பல் தளத்துக்கும் பிறகு ரயில் பாதைகளுக்கும் ஆனைமலைத் தேக்கு வண்டி வண்டியாகப் போனது. உச்சியிலிருந்து கட்டைகளைச் சரிவில் வழுக்கி இறக்கியதால்தான் டாப்சிலிப் என்ற பெயரே வந்தது. மொட்டையாகிப் போன மலைக்கு ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி வந்து, வெட்டும் அளவைக் கட்டுப்படுத்தி, அடிக்கட்டையிலிருந்து துளிர்க்க விட்டு, புதிதாகவும் நட்டார். அவருடைய கல்லறை இங்கேயே இருக்கிறது. "என் நினைவுச்சின்னம் வேண்டுமா, சுற்றிலும் பாருங்கள்" என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்று அதில் பொறித்திருக்கிறார்கள். நான் சுற்றிலும் பார்த்தேன். அவர் மேல் மரியாதை வந்தது. ஒருவர் செய்தது நூறு வருடம் நிற்கிறது என்றால் சும்மா இல்லை. இன்று இது புலிகள் காப்பகம், இந்தத் தேக்கை யாரும் வெட்டுவதில்லை.

டேப்பை எடுத்தேன். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சு மட்டத்தில், ஒரு தேக்கின் சுற்றளவு 120 சென்டிமீட்டர். விட்டம் 38 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. உயரத்தைக் கண்ணால் 22 மீட்டர் என்று மதிப்பிட்டேன். விட்டம், உயரம், மரத்தின் அடர்த்தி மூன்றையும் வைத்து எடையைக் கணிக்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், தரைக்கு மேலே உள்ள காய்ந்த எடை சுமார் ஒரு டன். அதில் ஏறத்தாழ பாதி கார்பன். காற்றிலிருந்து எடுத்த கரியமில வாயுவாகக் கணக்கிட்டால் 1.8 டன் பக்கம். ஒரே மரம்! இந்தக் கணக்கைப் பார்த்தால் தேக்குத் தோட்டத்தைக் குறை சொல்லவே தோன்றாது.

பெரியவர் அதற்குள் கீழே குனிந்து, "இதைப் பாருங்க" என்று கூப்பிட்டார். சருகை விலக்கிக் காட்டினார். சிறு சிறு கற்கள் ஒவ்வொன்றும் விரல் உயர மண் தூணின் மேல் உட்கார்ந்திருந்தன. சுற்றி இருந்த மண் கரைந்து போயிருக்கிறது, கல்லுக்கு அடியில் இருந்தது மட்டும் தப்பி நிற்கிறது. தேக்கிலை முறம் மாதிரி அகலம். மழைத்துளிகள் அதில் சேர்ந்து பெரிய சொட்டாகி உயரத்திலிருந்து விழும். கீழே குத்துச்செடியும் மட்கிய சருகும் அடர்த்தியாக இருந்தால் அடி தாங்கும். கோடையில் தீ வந்து சருகை எரித்துவிட்டுப் போயிருந்தால், முதல் மழை நேராக மண்ணைத்தான் அடிக்கும்.

தேக்கு இந்த மலைக்கு வேற்று மரம் கிடையாது, இதுவே அதன் சொந்த ஊர். இலையுதிர் காட்டில் மருது, வேங்கை, மூங்கிலோடு கலந்து நிற்கும்போது இதே மரம் இப்படி நடந்துகொள்வதில்லை. தவறு மரத்தில் இல்லை, அதை மட்டும் தனியே நிறுத்தியதில் இருக்கிறது. உள்ளூர் மரம் நட்டோம் என்று சொல்லிவிட்டாலே காடு ஆகிவிடாது என்பதை அந்த மண் தூண்கள் எனக்குக் காட்டின.

இரண்டாம் நாள், வால்பாறை

ஆழியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவது வளைவில் வரையாடு நின்றது, பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்துவிடும் போல எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் மேலே ஏற ஏற தேயிலை.

இந்தப் பீடபூமியின் பெரும்பகுதி 1890-கள் வரை மழைக்காடு. அதை வெட்டித்தான் காப்பியும் தேயிலையும் வந்தன. மிச்சமான காடு எஸ்டேட்டுகளுக்கு நடுவே நாற்பதுக்கு மேற்பட்ட துண்டுகளாகக் கிடக்கிறது. தேயிலையை வாட்டவும் உலர்த்தவும் விறகு வேண்டும். அதற்காகச் சரிவுகளில் தைலமரம் நட்டிருக்கிறார்கள்.

எஸ்டேட்டில் வேலை பார்க்கும் என் பள்ளி நண்பன் ஒரு தைலத் தோப்புக்குக் கூட்டிப் போனான். வரிசை பிசகாமல் நிற்கிறது. நிழல் என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். பறவைச் சத்தம் இல்லை, காற்றில் பட்டை உரசும் ஒலி மட்டும். மரங்களை ஏறக்குறைய பத்து வருடத்தில் வெட்டுவோம், அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு வரும், அதையும் வளர்த்து வெட்டுவோம் என்றான்.

நோட்டில் எழுதிப் பார்த்தோம். வெறும் கணக்குக்காக, ஒரு ஏக்கர் தோப்பு பத்து வருடத்தில் சுழியத்திலிருந்து நூறு பங்கு கார்பன் சேர்க்கிறது என்று வைப்போம். பத்தாம் வருடம் நூறைக் காட்டி நாம் பெருமைப்படலாம். ஆனால் அந்த வருடமே அது வெட்டுப்பட்டு அடுப்புக்குள் போய்ப் புகைக்கூண்டு வழியாக வானத்துக்குத் திரும்பிவிடுகிறது. மறுபடி சுழியம். நூறு வருடம் இப்படியே ஓடினாலும் அந்த நிலத்தில் சராசரியாக நிற்பது ஐம்பதுதான், பத்து முறை நூறு சேர்த்ததாகக் கூட்டிக்கொள்ள முடியாது. பக்கத்தில் வெட்டாமல் விட்ட காடு முதல் பத்து வருடத்தில் தைலமரத்திடம் தோற்கலாம். ஆனால் முப்பது, ஐம்பது, எண்பது என்று வருடம் போகப் போக அது மேலேயே போகும்.

2019-ல் நேச்சர் இதழில் சைமன் லூயிஸும் சக ஆராய்ச்சியாளர்களும் உலக அளவில் இதே கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். 2030-க்குள் 35 கோடி ஹெக்டேர் நிலத்தை மீட்போம் என்று நாடுகள் பான் நகரில் தொடங்கிய திட்டத்தில் இலக்கு வைத்திருக்கின்றன. அதில் நாடுகள் அறிவித்திருந்த திட்டங்களில் 45 சதவீதம் வணிக மரத்தோட்டம். மொத்த நிலத்தையும் இயற்கைக் காடாக வளர விட்டால் 2100-க்குள் 4,200 கோடி டன் கார்பன் நிலத்தில் சேரும். மொத்தத்தையும் மரத்தோட்டமாக்கினால் 100 கோடி டன்தான். நாற்பது மடங்குக்கும் மேலே வித்தியாசம். மரம் மெதுவாக வளர்வதாலோ வேகமாக வளர்வதாலோ இது வரவில்லை. பெரும்பகுதி, வெட்டுகிறோமா இல்லையா என்பதால் வருகிறது.

நண்பன் ஒரு விஷயம் சொன்னான், அது நியாயமாகப் பட்டது. "இந்தத் தோப்பு இல்லேன்னா விறகுக்கு எங்க போவோம் சொல்லு? அந்தச் சோலைக்குத்தான் கை நீளும்." உண்மைதான். விறகு வேண்டுமென்றால், பலகை வேண்டுமென்றால், காகிதம் வேண்டுமென்றால் எங்காவது தோட்டம் போட்டுத்தான் ஆக வேண்டும். நெல்லைப் போல, கரும்பைப் போல இதுவும் ஒரு பயிர். எனக்குக் கோபம் வருவது பயிரைக் காடு என்று பதிவேட்டில் எழுதும்போதுதான். நம் நாட்டின் வனக் கணக்கெடுப்பில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரங்களின் கவிகை, அதாவது மேலே விரிந்த இலைக்கூரை, பத்து சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அது வனப்பரப்பு. என்ன மரம், யார் நிலம் என்பதெல்லாம் அங்கே கேள்வி இல்லை. மேலே சோலை அழிந்து கீழே அதே அளவுக்குத் தைலத் தோப்பு வந்தால், காகிதத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

சாயங்காலம் புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்றைப் பார்த்தோம். ரோட்டைக் கடக்க மரங்களுக்கு நடுவே கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். தாய் ஒன்று குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு அதில் நடந்து போனது. வெகுநேரம் நின்றோம்.

மூன்றாம் நாள், சோலைக்குள்

இன்று எழுத நிறைய இருக்கிறது. காலையில் மழைக்காட்டுத் துண்டு ஒன்றுக்குள் அனுமதியோடு போனேன். வெளியே வெயில் சுளீரென்று அடிக்க, உள்ளே பத்தடி வைத்ததும் கை சில்லிட்டது. முந்தாநாள் பார்த்த தேக்கு இலையைக் கொட்டிவிட்டு நின்றதே, இங்கே மேலே வானம் தெரியவில்லை. வெடிப்பலாவில் கிளையோடு கிளையாகப் பூ அப்பியிருந்தது. இதழ் இல்லாத பழுப்பு நிறப் பூ. கீழே விழுந்து கிடந்ததை எடுத்துப் பார்த்தால் பாதி கடிபட்டிருக்கிறது. சிங்கவால் குரங்கும் மலையணிலும் வேறு பழம் குறைவான இந்த மாதங்களில் இதை நம்பி இருக்கின்றன. பாலி, நாங்கு, குங்கிலியம், காட்டுச் சாதிக்காய் என்று கூட வந்தவர் காட்டக் காட்ட எழுதினேன். பத்து நிமிட நடையில் முப்பது இனம் ஆகிவிட்டது, அதோடு நோட்டை மூடினேன்.

ஆனந்த் ஓசூரியும் சக ஆராய்ச்சியாளர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளையும் தேக்கு, தைலத் தோட்டங்களையும் ஒப்பிட்டு 2020-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. களத்தில் மரங்களை அளந்தார்கள், செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆண்டுக்கு ஆண்டு கார்பன் பிடிக்கும் வேகத்தையும் பார்த்தார்கள். மழைக்காலத்தில் தோட்டங்கள் காட்டைவிடக் கொஞ்சம் வேகமாகவே கார்பனைப் பிடித்தன. ஆனால் வறண்ட மாதங்களில் வேகம் நன்றாக விழுந்துவிட்டது. பல இனம் கலந்த காடு அந்த அளவுக்குத் தடுமாறவில்லை. வறட்சி வந்த வருடங்களிலும் அப்படித்தான்.

காரணம் சோலைக்குள் நின்றால் புரிகிறது. ஒரு மரத்தின் வேர் ஆழமாகப் போகிறது, இன்னொன்று மேலாகப் பரப்புகிறது. ஒன்று மாசியில் இலை மாற்றும், இன்னொன்று வைகாசியில். ஓர் இனத்துக்கு ஆகாத வருடம் பக்கத்து இனத்துக்கு ஆகிவிடும். தேக்குத் தோட்டத்தில் எல்லா மரத்துக்கும் ஒரே நேரத்தில் தாகம், ஒரே நேரத்தில் இலையுதிர்வு. தேக்கிலைப் புழு வந்தால் மலைச்சரிவு முழுக்க ஒரே வாரத்தில் நரம்பு மட்டும் மிஞ்சும். மழை பொய்க்கும் வருடங்கள் கூடிக்கொண்டே போகும் காலத்தில், நல்ல வருடத்தில் எவ்வளவு பிடிக்கிறது என்பதைவிடக் கெட்ட வருடத்தில் எவ்வளவு தாங்குகிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

சரி, அப்படியானால் நிலத்தை வேலி போட்டு விட்டுவிட்டாலே காடு வந்துவிடுமா? மதியம் அதற்கும் பதில் பார்த்தேன். ஒரு காலத்தில் மரம் வெட்டிக் கைவிட்ட சரிவு அது. பல வருடமாக யாரும் தொடவில்லை. ஆள் உயரத்துக்கு உண்ணிச்செடிப் புதர், நடுவே அங்கங்கே ஒற்றை மரம். உள்ளே கையை விட்டால் முள் கீறுகிறது. தரையில் வெளிச்சமே விழாததால் விதை முளைத்தாலும் மேலே வர வழியில்லை. அதைவிட முக்கியம், விதை வரவே வழியில்லை. குங்கிலியம், பாலி மாதிரி மரங்களுக்குக் கொட்டை பெரிது, காற்றில் பறந்து வராது. இருவாச்சியோ பெரிய புறாவோ விழுங்கிக் கொண்டுவந்து போட வேண்டும். தேயிலைக்கு நடுவே தனித்துக் கிடக்கும் இந்தத் துண்டுக்கு அவை எத்தனை முறை வரும்?

இந்த இடத்தில்தான் 2000-ஐ ஒட்டிய வருடங்களிலிருந்து இங்கே வேலை செய்துவரும் ஆராய்ச்சியாளர்கள் திவ்யா முத்தப்பா, சங்கர் ராமன் ஆகியோரின் முறை எனக்குப் பிடித்தது. எஸ்டேட்டுகளோடு பேசி, பாழ்பட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சீர்செய்கிறார்கள். இவர்கள் நடுவதும் கன்றுதான், ஆனால் வேலையின் வரிசையே வேறு. ரோட்டோரம் விழுந்து வீணாகும் காட்டு விதைகளைப் பொறுக்கி நர்சரியில் முளைக்க வைக்கிறார்கள். கோடையில் உண்ணிச்செடியை வெட்டும்போது அதற்குள் தானாக முளைத்த காட்டு நாற்று ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்து விட்டுவிடுகிறார்கள். ஆனி மழை பிடித்ததும் இடைவெளிகளில் பல இனக் கன்றுகளைக் கலந்து நடுகிறார்கள். பிறகு இரண்டு மூன்று வருடம் களை எடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். மிச்சத்தைக் காடு பார்த்துக்கொள்ளும்.

எல்லா இடத்திலும் ஜெயித்தது என்று அவர்களே சொல்லவில்லை. முதல் இரண்டு வருடத்தில் பிழைத்த கன்றுகளைக் கணக்கெடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். நல்ல இடத்தில் பத்துக்கு ஒன்பது நின்றது, மோசமான வெட்டவெளியில் பத்துக்கு மூன்று, நான்குதான். தலைக்கு மேலே கொஞ்சமாவது நிழல் இருந்த இடங்களில் நிலைமை மேல். 7 முதல் 15 வருடம் ஆன இடங்களை மறுபடி அளந்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், சும்மா விட்ட துண்டுகளைவிடச் சீர்செய்த துண்டுகளில் கவிகை, இனங்களின் எண்ணிக்கை, கார்பன் மூன்றும் கூடியிருந்தன. பெரிய காட்டிலிருந்து தள்ளி இருக்கும் துண்டுகளில் அந்த உதவிக்குப் பலன் இன்னும் அதிகம். பெரிய காட்டை ஒட்டியே இருந்தால் பறவைகளே பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. செலவும் அங்கே மிச்சம்.

நர்சரியில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் ஒரு கன்றைக் காட்டினார். ஒரு சாண் உயரம். "எத்தனை மாசம் இருக்கும், சொல்லுங்க" என்றார். நான் மூன்று மாதம் என்றேன். ஒன்றரை வருடமாம். "இதப் பாத்து யாரும் போட்டோ எடுக்க மாட்டாங்க சார். தைலக் கன்னு இந்நேரம் உங்க தலைக்கு மேல போயிருக்கும்." எந்தத் திட்டத்துக்கும் மூன்று வருடத்தில் பலன் காட்ட வேண்டியிருக்கிறது. ஒரு சாண் கன்றை வைத்துக்கொண்டு யார் காட்டுவது? எங்கள் ஊர்க் குளத்துக்குத் தைலமரம் வந்ததும் இந்த அவசரத்தால்தான் என்று அங்கே நின்றபோது பட்டது.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. தூரத்தில் அக்காமலைப் புல்வெளி தெரிந்தது. அங்கே மரம் நடவே கூடாது. சோலையும் புல்வெளியும் சேர்ந்ததுதான் அந்த மலையின் இயல்பு, வரையாடு வாழ்வது அந்தப் புல்லில். பக்கத்துப் பழனி மலையில் அப்படிப்பட்ட புல்வெளி நாற்பது வருடத்தில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. அதில் பெரிய பங்கு சீகையும் பைனும் தைலமும் நட்டதால் போனது. அந்த நிலத்தைத் தரிசு என்று நினைத்து நட்டிருக்கிறார்கள்.

நான்காம் நாள், இறங்கும் முன்

மதிய பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. நண்பன் வேறொரு தைலத் தோப்பைக் காட்டுகிறேன் என்றான். சரிவு அதிகம், லாரி போக வழி இல்லை, அதனால் இருபது வருடத்துக்கு மேலாக வெட்டவில்லை, அடியைச் சுத்தம் செய்யவும் இல்லை. கீழ்ப்பக்கம் சோலையை ஒட்டி இருக்கிறது.

உள்ளே போனதும் திகைத்துவிட்டேன். மேலே தைலமரம், கீழே வேறு உலகம். கைக்கு எட்டும் உயரத்தில் வட்டக்கண்ணி இலை விரித்திருக்கிறது. டேப்பால் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம் அளந்து, மூலைகளில் குச்சி நட்டு, முழங்கால் உயரத்துக்கு மேலே இருந்த காட்டுக் கன்றுகளை எண்ணினோம். நாற்பத்தொன்று. எங்களுக்குப் பெயர் தெரிந்தவை ஆறு இனம், தெரியாதவை அதற்கு மேல். சோலை ஓரத்திலிருந்து மேலே ஐம்பது தப்படி ஏறி இன்னொரு சதுரம் அளந்தோம், பதினெட்டு. இன்னும் மேலே, தேயிலையை ஒட்டிய ஓரத்தில் ஐந்து, எல்லாம் வட்டக்கண்ணி. மூன்று சதுரத்தை வைத்து ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் விதை எந்தப் பக்கமிருந்து ஏறி வருகிறது என்பது கண்ணெதிரே இருந்தது.

முதல் சதுரத்தில் ஒரு தைலமரத்தின் அடியில், பறவை எச்சம் காய்ந்த வெள்ளைக் கறைக்குப் பக்கத்தில், சிவந்த தளிரோடு ஒரு கன்று நின்றது. நண்பன் அலைபேசியில் படம் எடுத்து நர்சரி அக்காவுக்கு அனுப்பினான். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. குங்கிலியம். "சுத்தி மிதிக்காம வாங்க" என்றும் எழுதியிருந்தார்.

குச்சிகளைப் பிடுங்காமல் அப்படியே விட்டுவிட்டு இறங்கினோம். அடுத்த தையில் வந்து எண்ணுவதாக நண்பன் சொல்லியிருக்கிறான். டேப்பை அவனிடமே கொடுத்துவிட்டேன்.